எஸ்2-க்குப் பின்னால் கேட்ட ஒலி: எஸ்3-ஆ, ஓப்பனிங் ஸ்னாப்பா?

இதயச் சுழற்சியின் அழுத்தப் படத்தை எல்லா மாணவர்களும் வரைந்து பார்த்திருப்பார்கள். மேலே பெருந்தமனியின் கோடு, நடுவே மலை போல எழுந்து இறங்கும் இடது கீழறைக் கோடு, கீழே இடது மேலறையின் சிறு அலைகள், அடியில் எஸ்1, எஸ்2 என்ற இரண்டு இதய ஒலிகளுக்கான கீறல்கள். அந்தப் படத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைச் சரியாகப் படித்ததால் ஒரு நோயாளியின் சிகிச்சையே திசை மாறியது. அதன் பதிவு இது. நோயாளியையும் மருத்துவர்களையும் அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

## பின்னணி

நோயாளி 29 வயதுப் பெண். ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. உடம்பில் ரத்தம் குறைவு என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரை எடுத்திருக்கிறார். சேர்க்கைக்கு ஐந்து நாள் முன்பு காய்ச்சலும் இருமலும் தொடங்கின. நான்காம் நாள் இரவு படுக்க முடியவில்லை. உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிந்தது. ஐந்தாம் நாள் இரவு அவசரப் பிரிவுக்கு வந்தார்.

பள்ளி வயதில் காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வீங்கியதாக அவருடைய தாயார் சொன்னார். ஆனால் அந்தத் தகவல் மறுநாள்தான் கிடைத்தது. முதல் இரவில் யாரும் அதைக் கேட்கவில்லை. மூச்சுத் திணறலோடு இருப்பவரிடம் பத்து வயதில் மூட்டு வலித்ததா என்று கேட்க யாருக்கும் தோன்றாததில் வியப்பில்லை.

## முதல் இரவு: பார்த்ததும் கேட்டதும்

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118, சீரானது. ரத்த அழுத்தம் 100/70. மூச்சு நிமிடத்துக்கு 30. ஆக்சிஜன் செறிவு 90 சதவீதம். இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் நொறுநொறுவென்ற ஒலி. இதயத்தைக் கேட்ட பணி மருத்துவர் குறிப்பில் இப்படி எழுதினார்: எஸ்1, எஸ்2 கேட்கின்றன, எஸ்2-க்குப் பிறகு கூடுதல் ஒலி ஒன்று, எஸ்3 காலப், மர்மர் இல்லை, இதயச் செயலிழப்பு, இதயத்தசை பலவீனமாக இருக்கலாம்.

இந்தக் கணிப்பில் தர்க்கம் உண்டு. மூச்சுத் திணறல், நுரையீரலில் நீர், வேகமான இதயம், எஸ்2-க்குப் பின்னால் ஓர் ஒலி: இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது இடது கீழறை தோற்றுப்போகிறது என்பதுதான். ஆக்சிஜனும் ஃப்யூரோசமைடு 40 மி.கி. ஊசியும் கொடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். கர்ப்பம் இல்லை என்று பரிசோதனை காட்டியது. சிகிச்சைத் தாளில் இரண்டு வரிகள் சேர்ந்தன: "பீட்டா பிளாக்கர் வேண்டாம். அழுத்தம் இறங்கினால் டோபுடமின் தொடங்கவும்."

இதயத்தசை உண்மையிலேயே பலவீனமாக இருந்திருந்தால் அந்த இரண்டு வரிகளும் சரி. பம்ப் செய்ய முடியாமல் திணறும் தசையை அந்த நேரத்தில் பீட்டா பிளாக்கர் கொடுத்து மேலும் தளர்த்தக்கூடாது. ஆக, முழு சிகிச்சையும் அந்தக் கூடுதல் ஒலிக்கு வைத்த பெயரின் மேல் நின்றது.

## மறுநாள் காலை

இரவில் நன்றாகச் சிறுநீர் போயிருந்தது. ஆனால் அவருடைய நிலை எதிர்பார்த்த அளவு தேறவில்லை. நாடி 112. நான்கு தலையணை வைத்தும் படுக்க முடியவில்லை. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தன, இதயமோ பெரிதாகவில்லை. இதயத்தின் இடது ஓரம் வழக்கமான வளைவை இழந்து நேராக இருந்தது. இசிஜியில் பி அலை அகன்று, இரட்டை முகடாகத் தெரிந்தது. இடது மேலறை பெரிதாகியிருக்கிறது, இடது கீழறை பெரிதாகவில்லை என்பதுதான் இரண்டும் சேர்ந்து சொன்ன சேதி. எஸ்3 காலப் தரும் தளர்ந்த இதயத்தில் வழக்கமாகக் காண்பது இதுவல்ல.

வார்டு சுற்றில் வந்த பேராசிரியர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன் கையை மார்பின் மேல் வைத்தார். இதய நுனித் துடிப்பு இடம் மாறாமல் இருந்தது. அது கையைத் தூக்கவில்லை. சட்டென்று தட்டிவிட்டுப் போனது. எஸ்1 காதுக்கு வரும் முன் கைக்கே எட்டிவிட்டது.

உடனிருந்த மாணவர் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டார்: "மேடம், காய்ச்சல் இருக்கு, ரேட்டும் அதிகம். எஸ்1 சத்தமாத்தானே இருக்கும்?"

"இருக்கும். அதனால சத்தத்தை மட்டும் நம்பாதே. இதோட எஸ்3 சேருமான்னு யோசி" என்றார் அவர்.

## எஸ்1 சொன்னது

சுழற்சியின் முதல் வெட்டுப்புள்ளிக்கு வருவோம். கீழறை தளர்ந்து நிரம்பும் டயஸ்டோலின் முடிவில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு திறந்திருக்கிறது. இடது மேலறை அழுத்தம் கீழறையைவிடச் சற்றே கூடுதல், வழக்கமாக 8 முதல் 10 மி.மீ. பாதரசம். கீழறை சுருங்கத் தொடங்கியதும் அதன் கோடு மேலேறி மேலறைக் கோட்டை வெட்டுகிறது. மைட்ரல் வால்வு மூடி, அதன் இதழ்கள் இறுகும்போது எஸ்1-இன் முதல் பகுதி எழுகிறது. அதிலிருந்து பெருந்தமனி வால்வு திறக்கும் வரை இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். கீழறையில் இருக்கும் ரத்தத்தின் அளவு மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறும் இந்தக் கட்டம்தான் ஐசோவாலியூமிக் சுருக்கம். சுமார் 50 மில்லிவிநாடி நீடிக்கும்.

எஸ்1 எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. சுருக்கம் தொடங்கும் கணத்தில் இதழ்கள் எவ்வளவு அகலத் திறந்திருக்கின்றன என்பது ஒன்று. வெட்டுப்புள்ளியில் கீழறை அழுத்தம் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது இன்னொன்று. ஏற்கெனவே முக்கால்வாசி சாத்திய கதவைத் தள்ளினால் பெரிதாகச் சத்தம் வராது; விரியத் திறந்த கதவைக் காற்று அறைந்தால் வீடே அதிரும்.

மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவரில் இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன. மேலறை அழுத்தம் டயஸ்டோலின் கடைசி வரை உயர்ந்தே இருப்பதால் இதழ்கள் கடைசி நொடி வரை கீழறைக்குள் தள்ளப்பட்டு நிற்கின்றன. கீழறைக் கோடு 8-இல் அல்லாமல் 25-ஐத் தாண்டித்தான் மேலறைக் கோட்டை வெட்டுகிறது. சுருக்கம் அதற்குள் வேகம் பிடித்திருப்பதால் அந்த உயரத்தில் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். எனவே எஸ்1 சற்றுத் தாமதமாக, ஆனால் அறைந்து மூடும் ஒலியாக வருகிறது.

தளர்ந்த கீழறையில் நடப்பது நேரெதிர். அழுத்தம் மெதுவாக ஏறும், எஸ்1 மங்கும். கையில் தட்டும் அளவுக்கு எஸ்1 இருக்கும் ஒருவருக்கு, சுருங்கும் வலிமை இழந்த கீழறையிலிருந்து வரும் எஸ்3 இருக்கிறது என்றால் இரண்டு கூற்றுகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பேராசிரியர் மாணவரை யோசிக்கச் சொன்னது இந்த மோதலைத்தான்.

## அந்தக் கூடுதல் ஒலி எந்தக் கட்டத்துடையது?

எஸ்2-க்குப் பின்னால் ஓர் ஒலி கேட்டால், சுழற்சியில் அது உட்காரக்கூடிய இடங்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது, நுரையீரல் தமனி வால்வு மூடும் பி2. பெருந்தமனி வால்வு மூடும் ஏ2-க்குச் சற்றுப் பின்னால் வருவது. மூச்சை இழுக்கும்போது வலது இதயத்துக்கு ரத்தம் கூடுதலாக வந்து அதை வெளியேற்ற நேரம் கூடுவதால் ஏ2-பி2 இடைவெளி விரியும். மூச்சை விடும்போது குறுகும். இது கேட்கும் இடம் மார்பெலும்பின் இடது மேல் ஓரம். நுரையீரல் தமனியில் அழுத்தம் உயர்ந்திருந்தால் உரக்கக் கேட்கும்.

இரண்டாவது, மைட்ரல் வால்வு திறக்கும் கணம். ஏ2-க்குப் பிறகு கீழறை அழுத்தம் சரிகிறது. மீண்டும் எல்லா வால்வுகளும் மூடிய நிலை. இது ஐசோவாலியூமிக் தளர்வு. கீழறைக் கோடு இறங்கி மேலறைக் கோட்டை வெட்டும் இடத்தில் மைட்ரல் வால்வு திறக்கும். ஆரோக்கியமான வால்வு திறப்பது நம் காதுக்குக் கேட்காது. ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, நடுப்பகுதி மட்டும் இன்னும் நெகிழ்வாக இருக்கும் வால்வோ கூடாரம் போலப் புடைத்து, மேலும் விரிய முடியாமல் சட்டென்று இழுபட்டு நிற்கும். அந்த நிற்றலின் ஒலிதான் ஓப்பனிங் ஸ்னாப்.

மூன்றாவது, எஸ்3. வால்வு திறந்த பின் ரத்தம் வேகமாகப் பாய்ந்து நிரம்பும் கட்டத்தின் இறுதியில், கீழறைச் சுவர் விரிவது திடீரெனத் தடைபடும்போது எழும் தாழ்ந்த ஒலி. ஏ2-க்கு ஏறக்குறைய 120 முதல் 180 மில்லிவிநாடி கழித்து வரும்.

112 துடிப்பில் ஒரு சுழற்சி முழுவதும் சுமார் 536 மில்லிவிநாடிதான். அந்த நெருக்கடியில் ஏ2-க்கு 60 மில்லிவிநாடி கழித்து வரும் ஸ்னாப்புக்கும் 140 கழித்து வரும் எஸ்3-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் மட்டும் துல்லியமாகச் சொல்வது பழகியவர்களுக்கே கடினம். அதனால் பேராசிரியர் இடைவெளியை விட்டுவிட்டு வேறு மூன்று விஷயங்களைச் சோதித்தார்.

முதலில் தொனி. ஸ்டெதஸ்கோப்பின் டயஃப்ரத்தை அழுத்தி வைத்தபோது ஒலி இன்னும் தெளிவானது. எஸ்3 தாழ்ந்த ஒலி. பெல்லை மென்மையாக வைத்தால்தான் கேட்கும், அழுத்தினால் மறையும். அப்புறம் இடம். இதய நுனிக்கும் மார்பெலும்பின் இடது கீழ் ஓரத்துக்கும் நடுவே அது மிகக் கூர்மையாக இருந்தது. பி2 பொதுவாக அங்கே அவ்வளவு தெளிவாகக் கேட்பதில்லை. கடைசியாக மூச்சு. "மெதுவா மூச்சை இழுங்கம்மா, அப்படியே விடுங்க" என்று சொல்லி, மார்பெலும்பின் இடது மேல் ஓரத்தில் வைத்துக் கேட்டார். மூச்சை விடும்போது இரண்டு ஒலிகள், இழுக்கும்போது மூன்று. ஏ2, பி2 இரண்டும் பிரிந்து நின்றன. அவற்றுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று இருந்தது. பி2-வைத் தனியாகக் கேட்டுவிட்ட பிறகு அந்த மூன்றாவது ஒலி பி2-வாக இருக்க முடியாது. தொனியை வைத்துப் பார்த்தால் எஸ்3-ஆகவும் இருக்க முடியாது.

எழுந்து நிற்க வைத்துக் கேட்பதும் நல்ல சோதனை. நிற்கும்போது மேலறைக்கு வரும் ரத்தம் குறைந்து அழுத்தம் இறங்குவதால் ஏ2-க்கும் ஸ்னாப்புக்கும் உள்ள இடைவெளி விரியும். ஏ2-பி2 பிளவோ குறுகும். ஆனால் அந்த நிலையில் அவரை எழுப்பி நிற்க வைப்பது சரியில்லை என்று தவிர்த்தார்கள்.

சரி, மர்மர் எங்கே? இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்க வைத்து, இதய நுனியில் பெல்லை வைத்தபோது மெல்லிய உருமல் ஒன்று கேட்டது. ஸ்னாப்புக்குப் பின் தொடங்கி, எஸ்1-ஐ நெருங்கும்போது சற்று வலுத்தது. மேலறை சுருங்கி ரத்தத்தைக் கூடுதலாகத் தள்ளுவதால் வரும் வலுப்பு அது. டயஸ்டோல் குறுகி, நுரையீரலும் இரைந்துகொண்டிருக்கும்போது இதைத் தவறவிடுவது மிக எளிது. முதல் இரவுக் குறிப்பில் "மர்மர் இல்லை" என்று இருந்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

## எக்கோவும் முடிவும்

ஒலியை மட்டும் வைத்துச் சிகிச்சையை மாற்றவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஒலி சொன்னது. உடனடியாகப் படுக்கையருகே எக்கோ எடுக்கப்பட்டது. மைட்ரல் வால்வின் முன் இதழ் கூடாரமாகப் புடைத்தது. திறப்பின் பரப்பு 1.0 சதுர செ.மீ. வளர்ந்தவர்களில் வழக்கமாக 4 முதல் 6 இருக்க வேண்டியது, 1.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான சுருக்கம். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே டயஸ்டோலின் சராசரி அழுத்த வித்தியாசம், 112 துடிப்பில், 22 மி.மீ. கீழறையின் சுருங்கும் திறன் இயல்பு. மைட்ரல் கசிவு மிகச் சிறியது.

சிகிச்சைத் தாளில் இருந்த இரண்டு வரிகளும் அடிக்கப்பட்டன. டோபுடமின் நீக்கப்பட்டது, மெட்டோப்ரோலால் 25 மி.கி. வாய்வழி தொடங்கி, பின்னர் படிப்படியாகக் கூட்டப்பட்டது. காய்ச்சலுக்கும் நுரையீரல் தொற்றுக்கும் சிகிச்சை நடந்தது, ஃப்யூரோசமைடு தொடர்ந்தது. மூச்சுத் திணறும் நோயாளிக்கு இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் மருந்தா என்று செவிலியர் ஒருவர் தயங்கிக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதில் முழுக்க முழுக்கச் சுழற்சியின் கணக்கில் இருக்கிறது.

112 துடிப்பில் ஒரு சுழற்சி 536 மில்லிவிநாடி. ஐசோவாலியூமிக் சுருக்கம், வெளியேற்றம், ஐசோவாலியூமிக் தளர்வு மூன்றும் சேர்ந்து தோராயமாக 340 எடுத்துக்கொள்ளும். மைட்ரல் வால்வு வழியே நிரம்பக் கிடைப்பது சுமார் 196. நிமிடத்துக்குக் கூட்டினால் 22 விநாடி. 70 துடிப்பில் சுழற்சி 857. நிரம்பாத கட்டங்கள் 400 ஆனாலும் நிரம்புவதற்கு 457 மில்லிவிநாடி கிடைக்கும். நிமிடத்துக்கு 32 விநாடி. இதயம் வேகமெடுக்கும்போது சிஸ்டோல் கொஞ்சம்தான் குறைகிறது. பெரும் இழப்பு டயஸ்டோலுக்கே. இதைப் படத்தில் பார்க்கும்போது பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

நிமிடத்துக்கு 4 லிட்டர் ரத்தம் அந்தச் சிறு துளை வழியே போயாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 22 விநாடியில் போக வேண்டுமானால் பாய்வு விநாடிக்கு 182 மி.லி.; 32 விநாடி கிடைத்தால் 125 போதும். பாய்வு சுமார் ஒன்றரை மடங்கு வித்தியாசப்படுகிறது. அழுத்த வித்தியாசமோ பாய்வின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். எனவே அது இரு மடங்குக்குச் சற்று மேல் மாறும். வால்வின் அளவு ஒரு நூலிழைகூட மாறாமல், வேகத்தைக் குறைத்தாலே 22 என்பது 11 பக்கம் இறங்க வேண்டும்.

கீழறையின் டயஸ்டோல் அழுத்தம் 7 என்று எடுத்தால், மேலறையின் சராசரி 29-லிருந்து 18-க்கு வரும். நுரையீரல் நுண்குழாய்களிலும் ஏறக்குறைய அதே அழுத்தம்தான். அது 25-ஐத் தாண்டினால் நீர் வெளியே கசியத் தொடங்கும் என்பது பொதுவான எல்லை. 29-க்கும் 18-க்கும் நடுவே அந்த எல்லை இருக்கிறது. காய்ச்சல் வந்த வாரத்தில் அவர் மூழ்கியதற்கும், டோபுடமின் கொடுத்து வேகம் கூடியிருந்தால் இன்னும் மோசமாகியிருப்பார் என்பதற்கும் இதே கணக்கே விளக்கம்.

## அடுத்த நாட்கள்

இரண்டாம் நாள் முடிவில் நாடி 72. அவர் இரண்டு தலையணையில் படுத்துத் தூங்கினார். திரும்ப எடுத்த எக்கோவில் சராசரி அழுத்த வித்தியாசம் 11.

இப்போது கேட்பதற்கு டயஸ்டோல் நீளமாக இருந்தது. மாணவர்கள் எல்லோரும் உருமலைக் கேட்டார்கள். காய்ச்சல் இறங்கி, வேகமும் குறைந்த பிறகும் எஸ்1 கையில் தட்டிக்கொண்டேதான் இருந்தது. முதல் நாள் மாணவர் கேட்ட கேள்விக்கு அதுவே விடை. இப்போது அவரை எழுந்து நிற்க வைத்தும் கேட்டார்கள். ஸ்னாப் எஸ்2-விலிருந்து சற்று விலகியது.

பயிற்சி மருத்துவர் ஒருவர் ஒலியைப் பதியும் ஸ்டெதஸ்கோப்பால் முதல் நாள் காலையிலேயே பதிவு எடுத்து வைத்திருந்தார். அந்தப் பதிவில் ஏ2-க்கும் ஸ்னாப்புக்கும் இடைவெளி சுமார் 55 மில்லிவிநாடி. வேகம் குறைந்த பின் எடுத்ததில் சுமார் 70. இந்த மாற்றம் அழுத்தக் கோட்டிலிருந்து எதிர்பார்க்கக்கூடியதா என்று கணக்குப் போட்டோம். ஐசோவாலியூமிக் தளர்வில் கீழறை அழுத்தம் ஏறக்குறைய அடுக்குக்குறி வளைவில் சரியும். அப்படியானால் வெட்டுப்புள்ளியை எட்ட ஆகும் நேரம்:

```
t = τ × ln(P0 / P)
```

P0 என்பது ஏ2 கணத்தில் கீழறை அழுத்தம். P என்பது வால்வு திறக்கும் கணத்தில் மேலறை அழுத்தம், அதாவது வி அலையின் உச்சி. τ என்பது தளர்வின் வேகத்தைக் குறிக்கும் மாறிலி. P0 85, τ 35 மில்லிவிநாடி என்று வைத்தோம். மேலறை அழுத்தம் 36 என்றால் 30 மில்லிவிநாடி வரும். 24 என்றால் 44. கோடுகள் வெட்டியபின் இதழ்கள் முழுதும் புடைத்து இழுபட இன்னும் 25 மில்லிவிநாடி போல ஆகும். கூட்டினால் 55, 69. ஊகித்த எண்கள் பல இருப்பதால் இந்த அளவு நெருக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் திசை தெளிவு: மேலறை அழுத்தம் உயர உயர, இறங்கிவரும் கீழறைக் கோடு அதைச் சீக்கிரமே சந்திக்கிறது, ஸ்னாப் ஏ2-வை நெருங்குகிறது.

## வால்வு விரிப்பும் பிறகும்

தொற்று தீர்ந்த பிறகு, உணவுக்குழாய் வழி எக்கோவில் இடது மேலறையில் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பலூன் மூலம் மைட்ரல் வால்வை விரிக்க முடிவானது. இதழ்கள் நெகிழ்வாக, சுண்ணாம்பு படியாமல் இருந்ததும் கசிவு குறைவாக இருந்ததும் அறுவை சிகிச்சைக்குப் பதில் பலூனைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள். உரத்த எஸ்1-உம் கூர்மையான ஸ்னாப்பும் அந்த நெகிழ்வைத்தான் முன்கூட்டியே சொல்லியிருந்தன. இறுகிச் சுண்ணாம்பு படிந்த வால்வில் இரண்டு ஒலிகளும் மங்கிப்போகும்.

மேசையின் மேல், விரிப்பதற்கு முன் இடது மேலறையின் சராசரி அழுத்தம் 19, வி அலை 25. விரித்த பின் சராசரி 11, வி அலை 15. அழுத்த வித்தியாசம் 11-லிருந்து 5-ஆனது. வால்வின் பரப்பு 1.8 சதுர செ.மீ.

அடுத்த சில மணி நேரம் மாணவர்களை மாற்றி மாற்றி இதய நுனியில் கேட்கச் சொன்னார் பேராசிரியர். உருமல் குறைந்ததா என்பது அவருடைய முதல் கேள்வி அல்ல. சிஸ்டோலில் புது மர்மர் இருக்கிறதா என்பதையே முதலில் கேட்டார். பலூன் ஒட்டிய ஓரத்தைப் பிரிக்காமல் இதழையே கிழித்துவிட்டால் திடீர்க் கசிவு வரும். அப்போது மர்மர் உரக்க இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. விரிந்து கொடுக்கப் பழகாத மேலறையில் அழுத்தம் சிஸ்டோலுக்குள்ளேயே மளமளவென்று ஏறி, கீழறை அழுத்தத்தை நெருங்கிவிடும். அழுத்த வித்தியாசம் சீக்கிரம் குறைந்துபோவதால் மர்மர் சிஸ்டோல் முடியும் முன்பே தேய்ந்துவிடலாம். எனவே மர்மருடன் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு மூன்றையும் சேர்த்தே கண்காணித்தார்கள். இவருக்கு மெல்லிய, குறுகிய மர்மர் ஒன்று மட்டும் கேட்டது. எக்கோவில் கசிவு சிறியதே.

மறுநாள் பதிவில் ஏ2-ஸ்னாப் இடைவெளி சுமார் 90 மில்லிவிநாடி. எஸ்1 இன்னும் வழக்கத்தைவிட உரக்கத்தான் இருந்தது. வால்வு இயல்பாகிவிடவில்லை, விரிந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அது வியப்பில்லை. மெட்டோப்ரோலாலும், பள்ளி வயதில் மூட்டுகளை வீங்க வைத்து வால்வையும் கெடுத்த ரூமாட்டிக் காய்ச்சல் மீண்டும் வராமல் தடுக்கும் பென்சத்தீன் பெனிசிலின் ஊசியும் தொடரும் ஏற்பாட்டோடு வீடு திரும்பினார். ஆறு மாதம் கழித்து வந்தபோது மாடிப்படி ஏற முடிந்தது. நாடி சீராக இருந்தது.

## என்ன மாற்றப்பட்டது, எல்லைகள் எவை

பிரிவில் இதயக் குறிப்பு எழுதும் முறை மாறியது. எஸ்2-க்குப் பின்னால் கூடுதல் ஒலி கேட்டால் அதற்குப் பெயர் வைக்கும் முன் எஸ்1 எப்படி இருக்கிறது, ஒலி எங்கே கூர்மை, டயஃப்ரத்தை அழுத்தினால் நிற்கிறதா மறைகிறதா, மூச்சோடு என்னாகிறது என்ற நான்கையும் எழுத வேண்டும். இரவுப் பணியிலும் இதைச் செய்ய ஒரு நிமிடம்தான் ஆகும். வேகமான இதயத்தில் "மர்மர் இல்லை" என்று எழுதினால், வேகம் குறைந்த பின் திரும்பக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுகிறார்கள். நுரையீரலில் நீர் இருந்தும் இதயம் பெரிதாகாமல் இருந்தால், டோபுடமின் பற்றி யோசிக்கும் முன் படுக்கையருகே எக்கோ.

ஏ2-ஸ்னாப் இடைவெளியை வைத்துச் சுருக்கத்தின் கடுமையை அளக்கும் ஆசை இந்த நிகழ்வுக்குப் பிறகு மாணவர்களிடம் வந்துவிட்டது. அதற்குக் கடிவாளம் வேண்டும். அந்த இடைவெளி வால்வின் பரப்பை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு அழுத்தக் கோடுகள் சந்திக்க எடுக்கும் நேரத்தைத்தான் அளக்கிறது. இதே நோயாளியில், வால்வு அப்படியே இருக்க, வேகம் மாறியதாலேயே 55 என்பது 70 ஆனது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவரில் கீழறைக் கோடு உயரத்திலிருந்து இறங்கத் தொடங்குவதால் கடுமையான சுருக்கத்திலும் இடைவெளி நீளலாம். தளர்வு மந்தமான முதியவரிலும் அப்படியே. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு நீளம். குறுகிய சுழற்சிக்குப் பின் மேலறை வடிய நேரமில்லாமல் ஸ்னாப் முந்தி வரும், நீண்ட சுழற்சிக்குப் பின் தள்ளி வரும். அதோடு, மேலறை சுருங்குவதே நின்றுவிடுவதால் எஸ்1-க்கு முன்னால் உருமல் வலுப்பதும் பெரும்பாலும் இல்லாமல் போகும். இந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் அந்தத் தாளக்கேடு வரக்கூடும் என்பதால், ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் நாடியின் சீரும் அந்த வலுப்பும் தனியாகக் குறிக்கப்படுகின்றன.